பகுதி 2: தொலைநோக்கும் முன்னுரிமைகளும் (மாவட்ட நூலக ஆணைக்குழுவின் ஐந்தாண்டுத் திட்டம், 2026–2031: திருத்திய வரைவு)

முதல் வரைவில் இருந்த 'அறிவொளி மிக்க மாவட்டம்', 'உலகத் தரமான நூலகச் சேவை' ஆகிய தொடர்கள் நீக்கப்பட்டுள்ளன. அவற்றை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் 2031-இல் அவை நிறைவேறினவா என்று ஒரு வாசகர் கேட்டால், நம்மிடம் விடை இருக்காது.

தொலைநோக்கு

இம்மாவட்டத்தின் எந்த ஊரில் வாழ்பவரும் தமக்கு வேண்டிய நூலைத் தம் ஊருக்கு அருகிலேயே, தமக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தில் பெற வேண்டும். எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த நூலக விதிகளில் 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்' என்பதையும், 'வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துக' என்பதையும் இத்திட்டம் அடிப்படையாகக் கொள்கிறது.

முதல் முன்னுரிமை: திறந்திருக்கும் நூலகம்

கூலி வேலைக்குச் செல்வோரும் பள்ளி மாணவரும் நூலகத்துக்கு வரக்கூடிய மாலை வேளையில் ஊர்ப்புற நூலகங்கள் பூட்டிக் கிடந்தால், உள்ளே எத்தனை நூல்கள் இருந்தும் பயனில்லை. ஒரே நூலகர் பொறுப்பில் இயங்கும் இடங்களில் அவர் விடுப்பு எடுக்கும் நாளெல்லாம் நூலகத்துக்கும் விடுமுறையாகிவிடுகிறது. இது அவருடைய குறை அன்று, மாற்று ஏற்பாடு செய்யாத நிருவாகத்தின் குறை. எனவே ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு மாற்றுப் பணியாளர் 2027 மார்ச்சுக்குள் நியமிக்கப்படுவார். 2028 மார்ச் முதல் எல்லா ஊர்ப்புற நூலகங்களும் வாரத்தில் ஐந்து நாள்களாவது இரவு 7.30 மணி வரை இயங்கும். அறிவித்த நேரத்தில் குறைந்தது 90 விழுக்காடு உண்மையில் திறந்திருக்கும். திறந்திருந்த நேரத்தின் மாதக் கணக்கு நூலக வாயிற்பலகையில் எழுதப்படும். அதைச் சரிபார்க்க ஊராரைவிடத் தகுந்த தணிக்கையாளர் இல்லை.

இரண்டாம் முன்னுரிமை: கேட்ட நூல்

வாசகர் கேட்கும் நூல் வேறு கிளையில் இருப்பின் அங்கிருந்து வரவழைத்தும், எங்கும் இல்லையெனில் வாங்கியும், பத்துக் கோரிக்கைகளில் எட்டினை 21 நாள்களுக்குள் நிறைவேற்றுவோம். இதற்குத் தேவையான ஒருங்கிணைந்த நூற்பட்டியல் 2027 டிசம்பருக்குள் முடிக்கப்படும்.

மூன்றாம் முன்னுரிமை: தடையற்ற வாயில்

எல்லாக் கிளை நூலகங்களிலும் 2030 மார்ச்சுக்குள் சாய்தளம் அமைக்கப்படும்.

ஒத்திவைக்கப்பட்டவை

புதிய மாநாட்டுக் கூடமும் தனி மின்னூலகப் பிரிவும் இத்திட்டத்தில் இடம்பெறவில்லை. 1948-ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டத்தின்படி உள்ளாட்சி அமைப்புகள் சொத்து வரியுடன் வசூலித்துச் செலுத்தும் நூலக வரியே நம் வருவாயின் அடித்தளம். அதை மாலை நேரப் பணியாளருக்கு முதலில் செலவிடுவதே முறை என இவ்வாணைக்குழு கருதுகிறது.

ஆண்டுதோறும் ஜனவரிக் கூட்டத்தில் இவ்வுறுதிகளின் நிலை படிக்கப்படும். தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் எட்டப்படாத உறுதிக்குக் கூடுதல் நிதி ஒதுக்க வேண்டும், அல்லது காரணத்தைப் பதிவுசெய்து அதைத் திரும்பப் பெற வேண்டும்.