25 சென்ட் மல்லிகை, கத்தரி, தக்காளித் தோட்டத்துக்கான சொட்டுநீர்ப் பாசனத் தொகுப்பு: 16 மி.மீ. குழாய் 850 மீட்டர், 2 அடிக்கு ஒரு சொட்டுவான், சல்லடை வடிகட்டியுடன்

திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர்ப் பகுதிகளில் கிணற்று நீரை நம்பிக் கால் ஏக்கரில் பயிர் செய்யும் சிறு விவசாயிகளுக்காகவே இத்தொகுப்பை அமைத்துள்ளோம். வரிசைக்கு வரிசை 4 அடி இடைவெளி விட்டால், 2 அடிக்கு ஒன்றாக நட்ட கத்தரிச் செடிக்கு ஒரு சொட்டுவானும், 4 அடிக்கு ஒன்றாக நட்ட மல்லிகைச் செடிக்கு இரண்டும் கிடைக்கும். ஒவ்வொரு சொட்டுவானும் மணிக்கு 2 லிட்டர் தருவதால், தோட்டம் முழுவதற்கும் மணிக்குச் சுமார் 2,800 லிட்டர் நீர் தேவைப்படும். உங்கள் மோட்டார் அவ்வளவு இறைக்கிறதா என்பதைத் தயவுசெய்து முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மண் கலங்கிய நீரில் சொட்டுவான்கள் எளிதில் அடைத்துக்கொள்ளும் என்பதால், வடிகட்டியின் சல்லடையை அடிக்கடி கழற்றிக் கழுவுவது மிக அவசியம். மோட்டாரிலிருந்து வயல் வரைக்குமான பிரதானக் குழாய் இவ்விலையில் அடங்காது.