78 சதவீதம்

கயல்விழியின் ஆங்கிலக் கட்டுரை ஏஐ எழுதியதாக இருக்க டிடெக்டர் கொடுத்தது 78 சதவீதம். மலர்க்கொடி அதைத் துண்டு துண்டாக ஒட்டிப் பார்த்தார். முதல் பத்திக்கு 91. ஊர்க் கண்மாயைப் பற்றிய கடைசிப் பத்திக்கு 12.

முதல் பத்தியைப் படித்ததும் காரணம் பிடிபட்டது. 'பிளேஸ் எ வைட்டல் ரோல்', 'இன் டுடேஸ் வேர்ல்ட்'... தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்காக முதலாண்டில் அவரே மனப்பாடம் செய்யச் சொன்ன தொடர்கள். அடுத்த சொல்லை எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது என்பதைத்தான் இத்தகைய கருவிகள் பெரும்பாலும் எடைபோடுகின்றன. 2023இல் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் தேர்வுக் கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டபோது, சராசரியாகப் பாதிக்கும் மேல் இயந்திரம் எழுதியது என்றே வந்தது. எல்லாமே மனிதர்கள் எழுதியவை. அதே ஆண்டு ஜூலையில் ஓபன்ஏஐ, துல்லியம் போதாது என்று தன் கருவியையே திரும்பப் பெற்றது.

ஆனால் இதை வைத்து அவள் எழுதவில்லை என்றும் சொல்ல முடியாது, எழுதினாள் என்றும் சொல்ல முடியாது. பிடித்த பிள்ளை என்பதால் மனசு ஒரு பக்கம் சாய்வதும் அவருக்குத் தெரிந்தது.

கயல்விழி கூகுள் டாக்ஸ் கோப்பைப் பார்வைக்கு மட்டும் பகிர்ந்திருந்தாள். அதில் பழைய வடிவங்கள் தெரியாது. எடிட்டர் அனுமதி வாங்கி, File > Version history > See version history என்று போனார். செவ்வாய் இரவு 9:40 முதல் 11:15 வரை வரிவரியாக வளர்ந்திருந்தது. புதன் காலை மட்டும் 140 சொற்கள் ஒரே மூச்சில் வந்து விழுந்திருந்தன.

மதியம் கூப்பிட்டார்.

"இந்தப் பத்தி எங்கேருந்து வந்ததும்மா?"

"பஸ்ல நெட் இல்ல மேம். போன் நோட்ஸ்ல அடிச்சு, இங்க வந்து ஒட்டினேன்." போனை நீட்டினாள். புதன், காலை 7:52. எழுத்துப் பிழைகளோடு அதே பத்தி.

"மடை திறக்க முறை வெச்சாங்கன்னு எழுதியிருக்கியே, எதுக்கு?"

"எல்லா மடையும் ஒரே நாள்ல திறந்தா கடைசி வயலுக்குத் தண்ணி எட்டாது மேம். நீர்ப்பாய்ச்சிதான் வரிசை சொல்லுவாரு. எங்க தாத்தா அந்த வேலைதான் பார்த்தாரு."

மலர்க்கொடி கட்டுரைக்கு 17 மதிப்பெண் போட்டார். தேய்ந்த தொடர்களுக்காக மூன்று குறைத்தார்.

மதிப்பெண் பட்டியலில் நான்கு பெயர் தள்ளி பிரபு. போன வாரம் அவனுக்கு 66 சதவீதம் வந்திருந்தது. கோப்பைத் திறக்கவில்லை, கூப்பிட்டும் கேட்கவில்லை. பூஜ்யம் போட்டிருந்தார். அவன் கடைசி பெஞ்ச்.

இன்டர்னல் மதிப்பெண் ஏற்ற வெள்ளி மாலை வரை நேரம் இருந்தது. கதவருகே போய்விட்ட கயல்விழியை நிறுத்தினார்.

"பிரபு லேப்ல இருந்தா உடனே வரச் சொல்லும்மா. எடிட்டர் அனுமதியோட அவன் கோப்பை அனுப்பச் சொல்லு. பயப்பட வேண்டாம்னும் சொல்லு."