குடும்ப மாலை: நவம்பர் 21, சனிக்கிழமை (மழை முடிவு அன்று மதியம் 12 மணிக்கு)

அனைத்து வீட்டினருக்கும் வணக்கம்.

நம் குடியிருப்பின் குடும்ப மாலை நவம்பர் 21, சனிக்கிழமை மாலை 5.30 மணிக்குப் பின்பக்கத் திடலில் நடக்கும். மழையால் முடியாமல் போனால் அடுத்த சனிக்கிழமை, நவம்பர் 28, அதே நேரம், அதே இடம். இரண்டில் எது என்பதை 21ஆம் தேதி மதியம் 12 மணிக்குச் சொல்லிவிடுவோம். அவசரமாக இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

போன வருஷம் "மழை இல்லாவிட்டால் நடக்கும்" என்று ஒரு வரி மட்டும் போட்டோம். காலையில் நன்றாகப் பெய்தது, மூன்று மணிக்கு வெயிலே வந்துவிட்டது. பாதிப் பேர் இல்லை என்று நினைத்து வெளியே கிளம்பிவிட்டார்கள். மீந்த சாம்பார் சாதத்தை இரவு பத்து மணிக்கு வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தது நினைவிருக்கும். தப்பு எங்களுடையதுதான். அதனால் இந்த முறை எது மழை, யார் முடிவு செய்வது, எப்போது என்று எழுதிவைத்துவிடுகிறோம்.

தூறல் மழை அல்ல. காலையில் பெய்ததும் கணக்கில் வராது. வடகிழக்குப் பருவமழையில் நம் ஊரில் விடியற்காலை கொட்டிவிட்டு மதியம் விட்டுவிடுவது வழக்கம்தானே. 12 மணிக்குத் திடலில் நாற்காலி போட முடியாதபடி தண்ணீர் நின்றாலோ, அந்த நேரத்தில் குடை இல்லாமல் நிற்க முடியாத மழை பெய்தாலோதான் 28க்கு மாற்றம். மடிப்பாக்கத்து மண் எவ்வளவு சீக்கிரம் தண்ணீரை இழுக்கும் என்பது உங்களுக்கே தெரியும். ஈரத் தரையில் சீரியல் செட் ஒயர் இழுக்க எலெக்ட்ரீஷியன் சம்மதிக்கவில்லை, அவர் சொல்வது நியாயம். செயலாளர், பொருளாளர், எலெக்ட்ரீஷியன் மூவரும் திடலில் நின்று பார்த்து முடிவு செய்வோம். குரூப்பில் வாக்கெடுப்பு கிடையாது, தயவுசெய்து ஜன்னல் வழியாக எடுத்த மேகப் படங்களையும் அனுப்ப வேண்டாம்.

12 மணி என்பதற்குக் காரணம் சமையல். காய் நறுக்குவது ஒரு மணிக்குத் தொடங்கும், ஷாமியானா ஆட்கள் இரண்டு மணிக்கு வருவார்கள். அதற்கு முன் சொன்னால் இருவரும் முன்பணத்தை 28ஆம் தேதிக்கு மாற்றிக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரே ஒரு விலக்கு. வெள்ளிக்கிழமை மாலை 7 மணிக்கு வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பில் சென்னைக்குச் சனிக்கிழமை ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை இருந்தால், மறுநாள் வரை காத்திருக்க மாட்டோம். அப்போதே 28க்கு மாற்றிவிடுவோம். மஞ்சளுக்கு மாற்ற மாட்டோம். நவம்பரில் மஞ்சளுக்கெல்லாம் பயந்தால் ஒரு விழாவும் நடத்த முடியாது.

சரி, 12 மணிக்கு "உண்டு" என்று சொல்லி, நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டால்? அப்போது சமையல் பாதி ஆகியிருக்கும். அதனால் சாப்பாடு அன்றைக்கே, இரவு 7.30க்கு, பி பிளாக் கீழே கார் நிறுத்துமிடத்தில். பிள்ளைகளின் நடனம், பாட்டு, இசை நாற்காலி மட்டும் 28க்குப் போகும். அப்படி ஆனால் பி பிளாக்கில் முதல் இரண்டு வரிசைக் கார்களை 5 மணிக்குள் எடுத்துவிடச் சொல்வோம். அதுவரை யாரும் காரை நகர்த்த வேண்டாம்.

குரூப்பில் வரும் செய்தி இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும்: "இன்று மாலை உண்டு" அல்லது "28க்கு மாற்றம்". அதையே கேட் பலகையிலும் லிஃப்ட் பக்கத்திலும் எழுதிவிடுவோம். வாட்ஸ்அப் பார்க்காத பெரியவர்கள் வாட்ச்மேனைக் கேட்டால் போதும். 12.15 வரை எந்தச் செய்தியும் கண்ணில் படவில்லை என்றால் நிகழ்ச்சி உண்டு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து வரும் உறவினர்களை 12 மணிக்கு முன் கிளம்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நடன உடை வாடகைக்கு எடுப்பவர்கள் கடையில் 28ஆம் தேதியையும் இப்போதே பேசி வைப்பது நல்லது. 28ஆம் தேதி வர முடியாதவர்கள் 22, ஞாயிறு இரவுக்குள் பொருளாளரிடம் சொன்னால், கட்டிய 250 ரூபாய் முழுதாகத் திரும்பும். 21ஆம் தேதி கீழே உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு இது பொருந்தாது!

கார்த்திகை பிறந்து மாலை போட்டவர்கள் பலர் இருப்பதால் இரண்டு தேதியிலும் சைவம்தான். 28ஆம் தேதியும் பெய்தால் திடலை விட்டுவிட்டு, அன்றே பி பிளாக் கீழே எல்லாவற்றையும் நடத்திவிடுவோம். மூன்றாவது தேதி கிடையாது.

செயலாளர்,
குடியிருப்போர் சங்கம்