இழப்பீட்டுத் தொகைக் கணக்கை மறுத்து எழுதும் கடிதம்

பட்டர்வொர்த், பினாங்கு
4 ஆகஸ்ட் 2025

பெறுநர்: மேலாளர், மோட்டார் இழப்பீட்டுப் பிரிவு
பொருள்: இழப்பீட்டு எண் 25-06-11873, மைவி கார், விபத்து நாள் 14 ஜூன் 2025

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

ஜூலை 28-ஆம் தேதியிட்ட உங்கள் கடிதத்தில், 5,400 ரிங்கிட் பழுதுச் செலவில் 1,750 ரிங்கிட்டைக் கழித்து 3,650 தருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். இதை நான் ஏற்கவில்லை. உங்கள் பாலிசி அட்டவணையையும் பட்டறை பில்லையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டேன். மூன்று இடங்களில் தவறு இருக்கிறது.

முதலாவது, வண்டியின் வயது. இது உள்நாட்டு வண்டி. முதல் பதிவு 5 செப்டம்பர் 2018. விபத்து நாள் வரை ஆறு ஆண்டு ஒன்பது மாதம். 2025-இலிருந்து 2018-ஐக் கழித்து ஏழு ஆண்டு என்று எடுத்திருக்கிறீர்கள். முதல் பதிவு நாளிலிருந்து எண்ணினால் ஏழு இன்னும் முடியவில்லை. புதிய பாகத்துக்காக நீங்கள் பிடிக்கும் பெட்டர்மெண்ட் கழிவு ஆறு ஆண்டுக்கு 20 விழுக்காடு, 25 அல்ல.

இரண்டாவதுதான் பெரியது. அந்த 25 விழுக்காட்டை பில்லின் மொத்தத் தொகைக்குமே போட்டிருக்கிறீர்கள். பெட்டர்மெண்ட் என்பது பழைய பாகத்தைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டும்போது வண்டிக்குக் கூடும் மதிப்புக்கானது. கூலிக்கும் (850) பெயிண்டுக்கும் (1,200) அதை எப்படிப் பிடிப்பது? இடது முன்விளக்கு (350) அரைவெட்டுக் கடையில் வாங்கிய பழைய பொருள், பில்லிலும் அப்படியே எழுதியிருக்கிறது. அதன் கண்ணாடியில் முந்தைய வண்டியின் கீறல்கூட அப்படியே இருக்கிறது, படம் இணைத்துள்ளேன். புதிய பாகங்கள் ஐந்துதான்: பம்பர் 480, பானட் 920, ஃபெண்டர் 340, ரேடியேட்டர் 560, ஏசி கண்டென்சர் 700. மொத்தம் 3,000.

மூன்றாவது, நானே ஏற்க வேண்டும் என்று நீங்கள் கழித்த 400 ரிங்கிட் கட்டாய எக்செஸ். வண்டியை ஓட்டியது என் மகள். அட்டவணையில் இரண்டாவது ஓட்டுநராக அவள் பெயர் இருக்கிறது. வயது 26, 'பி' உரிமத்தைத் தாண்டி முழு உரிமம் வாங்கி ஐந்து ஆண்டாகிறது. பெயர் சேர்க்காதவருக்கோ, 21 வயது நிரம்பாதவருக்கோ, 'எல்', 'பி' உரிமக்காரருக்கோதான் அந்த எக்செஸ். இவளுக்குப் பொருந்தாது.

சரியான கணக்கு:
பில் தொகை 5,400
பெட்டர்மெண்ட் (3,000-இல் 20%) 600
எக்செஸ் 0
தர வேண்டியது 4,800 ரிங்கிட்

நீங்கள் சொன்னதைவிட 1,150 அதிகம். தொலைபேசியில் கேட்டபோது "சிஸ்டம் போட்ட கணக்கு" என்றார்கள். சிஸ்டத்தில் என்ன எண்களைக் கொடுத்தீர்கள் என்பதைத்தான் கேட்கிறேன். பட்டறைக்கு முழுப் பணத்தையும் என் சேமிப்பிலிருந்து கட்டிவிட்டேன். மகள் வேலைக்குப் போக அந்த வண்டிதான். இந்தத் தொகை எங்களுக்குச் சின்ன விஷயமில்லை.

நீங்கள் அனுப்பிய ஒப்புதல் பத்திரத்தில் நான் கையெழுத்திடவில்லை. கழிவு ஒவ்வொன்றும் பாலிசியின் எந்த விதியின்படி என்று 14 நாளுக்குள் எழுத்தில் தாருங்கள், அல்லது தொகையைத் திருத்துங்கள். அப்புறமும் உடன்பாடு இல்லையென்றால் நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மன் சேவையிடம் இதே தாள்களோடு போவேன்.

இணைப்பு: பாலிசி அட்டவணை, பட்டறை பில், பதிவுச் சான்று, மகளின் உரிம நகல், விளக்கின் படம்.

இப்படிக்கு,
ச. முருகையா