பின்சந்துக்கு மேலே ஒரு தாவல்: நான்காவது பிராம்ப்ட்

ஏஐ உருவாக்க வேண்டிய வீடியோ: ஆறு வினாடி, வினாடிக்கு 24 ஃபிரேம், வெட்டு இல்லாத ஒரே ஷாட். இயல்பான வேகம்; தாவும்போதும் ஸ்லோமோஷன் கிடையாது.

பினாங்கு, ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா. மாலை ஆறே முக்கால், மழை விட்டுச் சற்று நேரம். இரண்டு பழைய கடைவீடுகளின் கான்கிரீட் மொட்டை மாடிகள், நடுவே மூன்று மீட்டர் அகலப் பின்சந்து. எதிர்மாடி ஒன்றரை மீட்டர் தாழ்வு. கொடியில் ஒரு கைலி காய்கிறது. தூரத்தில் ஓட்டுக் கூரைகளுக்கு மேல் கோயில் கோபுர உச்சி, மங்கலாக.

இருபது வயதுத் தமிழ் இளைஞன், சாம்பல் நிற டீசர்ட், தேய்ந்த ஷூ. வலமிருந்து இடமாக இரண்டு வினாடி ஓடி வருகிறான். கடைசி இரண்டு எட்டும் குறுகி, இடுப்பு சற்றே தாழ்கிறது. இடது கால் மாடி விளிம்பில் முழுசாகப் பதிந்து உந்துகிறது. வலது முட்டி மேலேறுகிறது, கைகள் முன்னால் வீசப்படுகின்றன.

காற்றில் 19 ஃபிரேம், அதாவது 0.8 வினாடி. முதலில் ஒரு சாண் உயர்ந்து, பிறகு வேகம் கூடிக்கொண்டே இறங்குகிறான். நடுவில் மிதக்கக் கூடாது. குட்டிக்கரணம் இல்லை. எம்பும்போது உடம்புக்குக் கிடைத்த மெல்லிய முன்சாய்வுதான் கடைசிவரை. காற்றில் புதிதாகச் சுழற்சி பிறக்காது. தோள் ஒரு பக்கம் திரும்பினால் இடுப்பு மறுபக்கம் திரும்பும். இறங்கும்போது டீசர்ட் விளிம்பு மேலே எழும்புகிறது.

விளிம்பைத் தாண்டி ஒரு மீட்டருக்குச் சற்று உள்ளே, மழைநீர்க் குட்டையில் இறங்குகிறான். முன்பாதங்கள் இரண்டும் ஒரே ஃபிரேமில் தொடும், அடுத்து முட்டிகள் மடங்கும். தொட்ட இடத்திலிருந்து பாதம் ஒரு விரற்கடைகூட வழுக்காது (முந்தைய மூன்று முயற்சியிலும் எண்ணெய் தடவிய தரைபோல இழுத்துக்கொண்டு போனான்). நீர் முன்பக்கமாகத் தெறிக்கிறது. முன்வேகம் நிற்காமல் கைகள் தரையை ஊன்ற, வலது தோளிலிருந்து இடது இடுப்புக்குக் குறுக்காக ஒரு உருளல். தலை தரையில் படாது. எழுந்து அப்படியே ஓடுகிறான், முதுகில் ஈரம்.

சூரியன் கேமராவுக்குப் பின்னால். நிழல் அவனுக்கு அப்பால் விழும். பறக்கையில் கால்களை விட்டு விலகும், தரையைத் தொட்டதும் வந்து ஒட்டும்.

கேமரா ஏழு மீட்டர் தள்ளி, பக்கத்து மாடியில் நிற்பவர் கையில், 35 மிமீ லென்ஸ், மார்பு உயரம். அவர் நடக்க மாட்டார், உடம்பைத் திருப்புவார், அவ்வளவுதான். தாவலை மூன்று ஃபிரேம் பிந்திப் பிடிக்கிறார், அதனால் பறக்கையில் அவன் ஃபிரேமின் இடப்பக்கம் ஒதுங்கியிருப்பான். சந்தின் இரு விளிம்பும் தாவல் முழுக்கத் தெரியவேண்டும். தரையிறங்கும் நொடியில் கேமரா சிறிது தாண்டிப்போய்த் திரும்பி வருகிறது. அதிரக் கூடாது, அதிர்ந்தது அவன் மாடிதான். சுவரை ஊடுருவுவது, அவனைச் சுற்றி வருவது, ட்ரோன்போல மேலேறுவது எதுவும் வேண்டாம்.

கடைசி அரை வினாடி: அவன் இடப்பக்கம் வெளியே போய்விட்டான். கேமரா பின்தொடரவில்லை. வலது ஓரத்தில் குட்டை நீர் இன்னும் ஆடுகிறது.