மாரியின் வீட்டாருக்கு

கோயம்புத்தூர்
9.9.2024

அன்புள்ள மதினி,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். கை தானாக ‘நலம், நலமறிய ஆவல்’ என்றுதான் தொடங்குகிறது. முப்பது வருடம் மாரிக்கு அப்படி எழுதிப் பழகிய கை. அப்புறம், உங்களுக்கு எழுதும்போது ‘அவர்’ என்று எழுதுவதுதான் மரியாதை என்று நினைத்து எழுதிப் பார்த்தேன். யாரோ மேலதிகாரியைப் பற்றி எழுதுகிற மாதிரி இருந்தது. ‘அவன்’ என்றே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு மன்னிப்பு. செவ்வாய்க்கிழமை காலையில் தம்பி கணேசன் போனில் சொன்னதும் ஒன்றும் ஓடாமல், உங்கள் எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். “எல்லாம் விதி. கஷ்டப்படாமல் போய்விட்டான், அதுவே புண்ணியம். பிள்ளைகளுக்காக நீங்கள் அழாமல் தைரியமாக இருக்க வேண்டும்” என்று. மறுநாள் அதை நானே திரும்பப் படித்தேன். ஐம்பத்திரண்டு வயதில் போனவனுக்கு விதி என்று சொல்ல நான் யார்? அழக் கூடாது என்று உங்களிடம் சொல்ல எனக்கு என்ன உரிமை? துட்டி வீட்டில் நாலு பேர் சொல்லுகிற சொல்லையே நானும் எடுத்துப் போட்டுவிட்டேன். அதைச் சொல்லாததாக வைத்துக்கொள்ளுங்கள். அழ வேண்டும் என்றால் அழுங்கள். அம்மா எதிரில் அழக் கூடாது, பிள்ளைகள் எதிரில் அழக் கூடாது என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம்.

கேதத்துக்கு நான் வராததை ஊரில் நாலு பேர் கேட்டிருப்பார்கள். கால் முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது, இன்னும் ஊன்ற முடியவில்லை. பார்வதியும் மகனும் வந்தார்கள். ஆனால் அவனைத் தூக்கிய நாலு தோளில் என் தோள் இல்லை. அது எனக்குக் கடைசி வரைக்கும் குறைதான்.

இனி எழுதப் போவதற்காகத்தான் இந்தக் கடிதத்தையே எழுதுகிறேன். நீங்கள் பார்வதியிடம் சொன்னதை அவள் வந்து சொன்னாள். “நெஞ்சு கரிக்குதுன்னாக. நாந்தான் ஓமத் தண்ணி வச்சுக் குடுத்துப் படுக்கச் சொன்னேன். அப்பவே கூட்டிட்டுப் போயிருந்தா…” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தீர்களாம்.

மதினி, அன்றைக்கு ராத்திரி எட்டரை மணிக்கு மாரி எனக்குப் போன் செய்தான். என் காலைப் பற்றிக் கேட்டான். ஆசிரியர் தினத்துக்குப் பிள்ளைகள் ஏதோ நாடகம் போடப் போகிறார்கள் என்று சொன்னான். பேச்சுக்கு நடுவில், “மத்தியானத்துலேர்ந்து நெஞ்சு எரியுதுலே சொடல” என்றான். நான் சிரித்தேன். “புரோட்டாவையும் சால்னாவையும் விட மாட்டேங்க, எரியாம என்ன செய்யும்? சோடா வாங்கிக் குடிச்சுட்டுப் படுடே” என்றேன். அவனும் சிரித்தான். போனை வைத்துவிட்டோம்.

இதை ஒரு வாரமாக யாரிடமும் சொல்லவில்லை. பார்வதியிடம்கூட இல்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். நீங்கள் ஓமத் தண்ணீர் கொடுத்தீர்கள், நான் சோடா குடிக்கச் சொன்னேன். இரண்டு பேருமே அவன் சொன்னதை நம்பினோம். நெஞ்சுவலி வாயுத் தொந்தரவு மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வரும் என்று இப்போது எல்லோரும் நமக்குச் சொல்கிறார்கள். அன்றைக்கு அவனுக்கே தெரியவில்லை. கூட்டிப் போயிருந்தால் பிழைத்திருப்பான் என்றோ, பிழைத்திருக்க மாட்டான் என்றோ நான் சொல்ல மாட்டேன். அது எனக்கும் தெரியாது, அப்படிச் சொல்கிறவர்களுக்கும் தெரியாது. பாரம் என்று ஒன்று இருந்தால் அதை நீங்கள் ஒற்றையாகச் சுமக்க வேண்டாம். பாதி என்னுடையது. விடிகாலை நாலு மணிக்குத் தூக்கம் கலைந்து அந்த நினைப்பு வந்தால், கோயம்புத்தூரில் இன்னொருத்தனும் அதே நேரம் முழித்துக்கொண்டுதான் கிடக்கிறான் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அவனைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது என்னிடம் என்ன இருந்துவிடப் போகிறது? ஒன்று இருக்கலாம். 1992 நவம்பரில் தாமிரபரணியில் வெள்ளம் வந்தபோது நாங்கள் கல்லூரியில் மூன்றாம் வருடம். வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு ஆச்சி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். தண்ணீர் திண்ணையைத் தாண்டி உள்ளே வந்ததும் ஆச்சியை உப்பு மூட்டை தூக்கிக்கொண்டு பக்கத்து மச்சுக்கு ஏற்றிவிட்டான். ஏறினதும் ஆச்சி, “ஏலே, என் ஆடு!” என்று ஒரே கூப்பாடு. இடுப்பளவுத் தண்ணீரில் திரும்ப இறங்கிப் போய் ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? மச்சில் நின்று, “வேண்டாம்டே” என்று கத்திக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். எங்கள் சிநேகிதம் கடைசி வரைக்கும் அப்படியேதான் இருந்தது. அவன் இறங்குவான், நான் கத்துவேன். இந்தக் கதையை அவன் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான். அந்த ஆடு அவன் ஒரே நல்ல சட்டையைத் தின்றுவிட்டது, அதில் அவனுக்குத் தீராத கோபம்.

பார்வதி இன்னொன்றும் சொன்னாள். அன்றைக்குப் பந்தலுக்கு வெளியே காக்கிச் சட்டையில் ஒரு லாரி டிரைவர் நின்றுகொண்டிருந்தாராம். அழுகை நிற்கவே இல்லையாம். யார் என்று கேட்டதற்கு, “தப்பாப் போட்டு மிட்டாய் வாங்குனவன் நான்” என்றாராம். பார்வதிக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும். கணக்கைச் சரியாகப் போட்டவனுக்கு வெறும் கைதட்டல், தப்பாகப் போட்டாலும் பரவாயில்லை என்று போர்டுக்கு எழுந்து வந்தவனுக்குக் கடலை மிட்டாய். கோவில்பட்டிக்காரன் வேறு எதைக் கொடுப்பான்? இருபத்தைந்து வருடச் சர்வீஸில் எத்தனை பாக்கெட் போயிருக்கும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், மளிகைச் சிட்டை உங்கள் கையில்தானே இருந்தது.

அம்மாவுக்குக் கண் தெரியாது. இந்த நாலு வரியை மட்டும் நீங்களோ தமிழரசியோ வாசித்துக் காட்டுங்கள். அம்மா, சொடலதான் பேசுகிறேன். பிள்ளையை முன்னால் அனுப்பிவிட்டு இருக்கிற தாய்க்கு ஆறுதல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் பிசைந்து போட்ட சோற்றை அவன் கைக்குப் பக்கத்தில் கை நீட்டி வாங்கித் தின்றவன் நான். அவன் இடத்தில் நான் இருக்கிறேன் என்று சொல்ல மாட்டேன், அந்த இடம் அவனுக்குத்தான். என் இடத்தில் நான் இருக்கிறேன். நேரம் பார்க்காமல் கூப்பிடுங்கள்.

தமிழரசி, கார்த்தி, உங்களிடம் “இனி நீதான் வீட்டுக்கு ஆம்பிளை”, “நீதான் அம்மாவைப் பார்த்துக்கணும்” என்று பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்கள். ஆனாலும் நீ பிளஸ் டூ படிக்கிற பிள்ளை, அவன் ஒன்பதாம் வகுப்பு. அந்த வேலையை மட்டும் பாருங்கள். காலாண்டுத் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் குறையட்டும். உங்கள் அப்பா குறைந்த மார்க்குக்கு மிட்டாய் கொடுத்தவர்.

மதினி, இப்போது பேசக் கூடாத பேச்சு ஒன்று. ஆனாலும் நான் கருவூலத்தில் வேலை பார்க்கிறவன், பேசாவிட்டால் மாரி என்னைத் திட்டுவான். பதினாறு முடிகிற வரைக்கும் நீங்கள் எந்தத் தாளையும் பார்க்க வேண்டாம். ஒன்றே ஒன்றுதான், இறப்பை 21 நாளுக்குள் நகராட்சியில் பதிந்துவிட வேண்டும். அதைக் கணேசனிடம் சொல்லிவிட்டேன். ஆதாரில் இருக்கிற மாதிரியே பெயர் எழுத்து மாறாமல் இருக்கிறதா என்று மட்டும் அவன் பார்த்துக்கொள்வான். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பம் கொடுக்கும்போது உங்கள் பெயர், பிள்ளைகள் பெயரோடு அம்மா பெயரும் வரும். அதுதான் முறை. வேறு மாதிரி யாராவது யோசனை சொன்னால் என்னிடம் கேளுங்கள் என்று சொல்லிவிடுங்கள். மாரி 2003 ஏப்ரலுக்கு முன்னாலேயே வேலைக்குச் சேர்ந்தவன், அதனால் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் வருகிறான். உங்களுக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. படிவங்களை நான் நிரப்பி அனுப்புகிறேன், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். வெற்றுத் தாளில் மட்டும் யார் கேட்டாலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், கேட்பது சொந்தக்காரர்களாகவே இருந்தாலும். கருணை அடிப்படையில் வேலை கேட்க மூன்று வருடம் அவகாசம் இருக்கிறது. அந்தப் பேச்சைத் தமிழரசி தலையில் இப்போதே ஏற்ற வேண்டாம். அவள் படிக்கட்டும்.

இன்னொரு பணக் கணக்கும் உண்டு. போன வருடம் என் மகள் கல்லூரியில் சேர்ந்தபோது மாரி அறுபதாயிரம் ரூபாய் கொடுத்தான். உங்களிடம் சொன்னானோ என்னவோ, எழுத்து எதுவும் இல்லை. அவன் கணக்கில் இப்போது போட்டால் எடுப்பதற்கு அலைச்சல், அதனால் உங்கள் கணக்குக்கே அனுப்புகிறேன். இதை உதவி என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். கடன், அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் சடங்கு பற்றி ஒரு வார்த்தை. அவன் அக்காவுக்கு அன்றைக்கு நடந்ததைப் பார்த்துவிட்டு மாரி பந்தலிலேயே சண்டை போட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். “பொறந்த நாள்லேர்ந்து வச்ச பொட்டு, அதுல மாப்பிள்ளைக்கு என்ன பாத்தியதை?” என்று கேட்டான். உங்கள் விஷயத்தில் அவன் என்ன சொல்லியிருப்பான் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பூவும் பொட்டும் எப்படி என்பதை நீங்கள் மட்டும் முடிவு செய்யுங்கள். பெரியவர்கள் வழக்கப்படி செய்ய உங்களுக்கும் மனம் இருந்தால், அதுவும் சரிதான். மனம் இல்லாவிட்டால் பார்வதியிடம் ஒரு கண் ஜாடை போதும், மற்றதை அவள் பேசிக்கொள்வாள். அவள் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியும்.

அவள் 17-ஆம் தேதியே வந்துவிடுவாள். அடுப்படியில் எது எங்கே இருக்கிறது என்று எடுத்துக் காட்ட நீங்கள் எழுந்து வர வேண்டாம், அவளே தேடி எடுத்துக்கொள்வாள். எனக்குக் கட்டுப் பிரிக்க இந்த மாதக் கடைசி ஆகும். பிரித்ததும் பஸ் ஏறிவிடுவேன். நீங்கள் பேசினால் பேசுவோம், இல்லாவிட்டால் திண்ணையில் அம்மாவோடு உட்கார்ந்திருப்பேன்.

துட்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது போய் வருகிறேன் என்று சொல்லிக்கொள்வது வழக்கமில்லை. அதனால் அந்த வரியை இங்கே எழுதவில்லை.

இப்படிக்கு
சுடலைமுத்து