டியூஷன் நேர மாற்றம், வீட்டுப்பாடப் படங்கள்: பெற்றோர் கவனத்திற்கு

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

வரும் திங்கட்கிழமை முதல் டியூஷன் நேரம் மாறுகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே மாலை 5 மணி வரை சிறப்பு வகுப்பு நடக்கிறது. அது முடிந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் ஓடி வந்து, களைப்போடு கணக்குப் போடுவதை இரண்டு வாரமாகப் பார்க்கிறேன். மனசு கேட்கவில்லை. அதனால் அவர்களுக்கு இனி மாலை 6.30 முதல் 8 மணி வரை வகுப்பு. எட்டாம், ஒன்பதாம் வகுப்புக்கு மாலை 5 முதல் 6.15 வரை. சனிக்கிழமை காலை வகுப்பு எப்போதும் போலத்தான்.

8 மணிக்கு இருட்டிவிடும் என்பதால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப்போக வீட்டிலிருந்து யாராவது வாருங்கள். வரத் தாமதமானால் பரவாயில்லை, ஒரு போன் செய்யுங்கள். நீங்கள் வரும்வரை என்னோடு இருப்பார்கள். இந்த நேரம் ஒத்துவராதவர்கள் சனிக்கிழமைக்குள் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள், வழி பார்க்கலாம்.

அப்புறம், வீட்டுப்பாடப் படங்கள். போன வாரம் ஒரு பிள்ளையின் விடை தவறு என்று குறித்து அனுப்பினேன். மறுநாள் நோட்டைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. கை நிழல் விழுந்ததில் கழித்தல் குறி படத்தில் தெரியவே இல்லை. பிள்ளை முகம் வாடிப்போனது எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

அதனால் நோட்டை மேசையில் விரித்து வைத்து, நேர் மேலிருந்து, நிழல் விழாமல் எடுங்கள். ஒரு படத்தில் ஒரு பக்கம் போதும். பக்கத்தின் மேலே பெயர், தேதி, பயிற்சி எண் மூன்றையும் பிள்ளையே எழுதட்டும். அனுப்பும் முன் ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். உங்களுக்கு வாசிக்க முடிந்தால் எனக்கும் முடியும். வாட்ஸ்அப்பில் போகும்போது எழுத்து மங்கினால் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

படங்களைத் தயவுசெய்து இந்தக் குழுவில் போட வேண்டாம், என் எண்ணுக்கு மட்டும் அனுப்புங்கள். ஒரு பிள்ளையின் தவறு மற்றவர்கள் கண்ணில் பட வேண்டியதில்லை. பார்த்து எழுதும் பழக்கமும் வராது. இரவு 9 மணிக்குள் வந்தால் அன்றே திருத்திவிடுவேன். அதற்குப் பிறகு வருவதை மறுநாள் பார்ப்பேன். இதற்காகப் பிள்ளையைத் தூங்கவிடாமல் உட்கார வைக்காதீர்கள்.

இன்னொன்று. அடித்தல் திருத்தல் இருந்தால் அப்படியே அனுப்புங்கள், அழகாகத் திரும்ப எழுத வைக்க வேண்டாம். விடை வராத கணக்கை நீங்கள் போட்டுக் கொடுக்கவும் வேண்டாம். எந்த வரியில் பிள்ளை நின்றுபோனது என்று தெரிந்தால்தான் மறுநாள் அங்கிருந்து சொல்லித்தர முடியும்.

போனில் படம் எடுக்க வசதி இல்லாத வீடுகளில் கவலைப்பட வேண்டாம். நோட்டையே கொடுத்தனுப்புங்கள், வகுப்பு தொடங்கும் முன் பார்த்துவிடுகிறேன்.

இதைப் படித்ததும் பிள்ளையின் பெயரோடு ‘சரி’ என்று ஒரு பதில் போடுங்கள். ஞாயிறு மாலைக்குள் பதில் வராத வீடுகளுக்கு நானே போன் செய்கிறேன்.

நன்றி,
உங்கள் டியூஷன் டீச்சர்